சாட்பாட் வரைவைச் சரிபார்க்க நான்கு நாள் எதற்கு?

*வணக்கம் மேடம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் கையேட்டை சாட்பாட்டில் வரைவு எடுத்து, அப்புறம் சரிபார்த்துத் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதே சாட்பாட்டில் என் அக்கா மகன் பத்தே நிமிடத்தில் முழுக் கையேட்டையும் தமிழாக்கிவிட்டான். திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தோம், பொருள் அப்படியே வந்தது. அந்த வரைவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சரிபார்ப்புக்கு நான்கு நாள் எதற்கு, அதில் என்னதான் செய்வீர்கள் என்று எழுதினால் பங்குதாரரிடம் காட்ட வசதியாக இருக்கும்.*

வணக்கம் சார்.

நீங்கள் அனுப்பிய வரைவை நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். தமிழ் நன்றாகவே இருக்கிறது, இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. முன்பெல்லாம் இயந்திர மொழிபெயர்ப்பு என்றால் முதல் வரியே காட்டிக்கொடுத்துவிடும். வேற்றுமை உருபு ஒரு பக்கம், வினைச்சொல் ஒரு பக்கம் என்று கிடக்கும். பார்த்தவுடன் ஒதுக்கிவிடலாம். சாட்பாட் தருவது அப்படி இல்லை, வரி தடங்கலே இல்லாமல் ஓடுகிறது. என் சிரமமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தப்பான வரியும் சரியான வரியைப் போலவே அழகாக இருக்கிறது.

உங்கள் வரைவிலிருந்தே ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன். எச்சரிக்கைப் பகுதியில் ஐந்தாவதாக வருவது. ஆங்கிலம் சொல்வது இதுதான்: காயம்பட்ட கையிலோ, சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் கையிலோ கருவியைக் கட்டக் கூடாது. டிரிப்ஸ் ஏறுகிற கை, டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்து வைத்திருக்கிற கை, இப்படிப்பட்ட கைகளைப் பற்றிய எச்சரிக்கை அது. வரைவில் இப்படி வந்திருக்கிறது: "கையில் காயம் உள்ளவர்கள் அல்லது மருத்துவச் சிகிச்சையில் இருப்பவர்கள் இந்தக் கருவியைப் பயன்படுத்த வேண்டாம்."

இதில் இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் உங்கள் கருவியை யார் வாங்குகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிரஷருக்கு தினமும் காலையில் மாத்திரை போடுகிறவர்தான் வாங்குவார். அவர் தன்னை "சிகிச்சையில் இருப்பவர்" என்றுதானே நினைப்பார்? அந்த வரியைப் படித்ததும் ஒன்று கருவியை அலமாரியில் வைத்துவிடுவார், இல்லையென்றால் கடைக்குத் திருப்பிக் கொண்டுவருவார். கையைப் பற்றிச் சொன்னது ஆளைப் பற்றியதாக மாறியதில், உங்கள் வாடிக்கையாளரில் பெரும்பாலோரை உங்கள் கையேடே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கூடவே இன்னொரு விபரீதமும் இருக்கிறது. ஒரு கையில் மட்டும் காயம் உள்ளவர் இன்னொரு கையில் தாராளமாகப் பார்க்கலாம். வரைவு அவரையும் தடுக்கிறது.

திரும்ப ஆங்கிலமாக்கியபோது இது ஏன் சிக்கவில்லை? காயம், கை, மருத்துவச் சிகிச்சை, பயன்படுத்த வேண்டாம் என எல்லாச் சொல்லும் திரும்பி வந்திருக்கும். அவற்றைப் பார்த்ததும் கண் திருப்தியாகி அடுத்த வரிக்குப் போய்விடும். எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்பது அவ்வளவு சுலபத்தில் கண்ணில் படாது.

இன்னொரு வரி இதைவிட நுட்பமானது. அளவு பார்ப்பதற்கு முந்தைய 30 நிமிடத்தில் காபி குடிக்கக் கூடாது, புகைபிடிக்கக் கூடாது, உடற்பயிற்சி கூடாது. இது எல்லா ரத்த அழுத்தக் கருவிக் கையேட்டிலும் வரும் வரி. வரைவில் "அளவிட்ட 30 நிமிடங்களுக்குள் காபி அருந்துவதைத் தவிர்க்கவும்" என்று இருக்கிறது. அளவிட்ட என்றால் பார்த்து முடித்த பிறகு. கையேட்டின்படி நடக்கிற ஒருவர் காபியைக் குடித்துவிட்டு வந்து பட்டையைக் கட்டிக்கொள்வார், பார்த்து முடித்த அப்புறம் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். அளவு கூடுதலாகக் காட்டும், கருவி சரியில்லை என்று உங்களுக்கு போன் வரும்.

இதில் சாட்பாட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. மூல ஆங்கிலத்தில் இருக்கிற சொற்றொடர் முன்னுக்கும் பொருந்தும், பின்னுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் படிக்கிறவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். தமிழில் அந்த வசதி கிடையாது, அளவிடும் முன்பா, அளவிட்ட பின்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். சாட்பாட் தவறானதைத் தேர்ந்தெடுத்தது. நீங்கள் திரும்ப ஆங்கிலமாக்கியபோது அது மறுபடியும் அந்த இரட்டைப் பொருள் சொற்றொடரையே தந்திருக்கும். மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயிருக்கும். நடுவில் இருக்கிற தமிழ் மட்டும்தான் தப்பு, வாங்குகிறவர் படிக்கப்போவதும் அதை மட்டும்தான். அதனால்தான் நான் திரும்ப மொழிபெயர்த்துப் பார்ப்பதைச் சரிபார்ப்பாக எடுத்துக்கொள்வதே இல்லை.

சரி, நான் என்ன செய்கிறேன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் நாள் பெரும்பாலும் சாட்பாட்டைத் திறக்கவே மாட்டேன். கையேட்டைப் படித்துச் சொல்பட்டியல் போடுவேன். உங்கள் வரைவில் கையில் கட்டுகிற பட்டைக்கு நான்கு பெயர் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் சுற்றுப்பட்டை, ஆறாம் பக்கத்தில் கஃப், ஒன்பதில் கைப்பட்டை, பதினான்கில் மணிக்கட்டுப் பட்டை. சாட்பாட் ஒவ்வொரு பகுதியையும் புதிதாக எழுதுவதுபோல் எழுதும். போன பக்கத்தில் என்ன சொன்னோம் என்பதை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. முதல் மூன்று பெயரும் குழப்பம்தான், ஆபத்து இல்லை. நான்காவது அப்படி இல்லை. உங்கள் கருவி முழங்கைக்கு மேலே கட்டுவது. மணிக்கட்டில் கட்டும் கருவிகளும் கடையில் விற்கின்றன. அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து பார்க்கிறவர் பட்டையைக் கொண்டுபோய் மணிக்கட்டில் சுற்றினால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

நான் இதற்கு "பட்டை" என்று போட்டுவிட்டு, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் "கையில் கட்டும் பட்டை, கஃப்" என்று சேர்த்துச் சொல்வேன். மருந்துக் கடையில் கஃப் என்றுதான் கேட்பார்கள், அதனால் அந்தச் சொல்லும் ஒருமுறை காதில் விழட்டும். இப்படி 30, 40 சொல் தேறும். அந்தப் பட்டியலைக் கொடுத்துவிட்டு, கையேட்டை ஒரே மூச்சில் போடாமல் பகுதி பகுதியாகத்தான் வரைவு எடுப்பேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எண் போட்டு, ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் தமிழ் என்று அட்டவணையில் வைப்பேன்.

வரைவு வந்ததும் படிக்க மாட்டேன். எண்ணுவேன். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு வாட்டர் ஹீட்டர் கையேட்டில் பதினொரு எச்சரிக்கை இருந்தது, வரைவில் பத்துதான் வந்திருந்தது. ஒரே மாதிரியான இரண்டு வரியைச் சாட்பாட் ஒன்றாக்கியபோது, எர்த் இணைப்பு பற்றிய வரி காணாமல் போய்விட்டது. நான் தமிழைப் படித்தேன், பத்தும் சரியாக இருந்தன, அனுப்பிவிட்டேன். அச்சுக்குப் போகும் முன்பு அந்த நிறுவனத்தின் சர்வீஸ் ஆள் ஒருவர்தான் கேட்டார், எர்த் எங்கே மேடம் என்று. இல்லாத வரியைக் கண்ணால் பிடிக்க முடியாது, இருக்கிற வரிகள் நன்றாக இருந்தால் இன்னும் கஷ்டம். அன்றிலிருந்து எண்ணிக்கை ஒத்துவந்த பிறகுதான் படிப்பது.

கூடுதலாக வருவதும் உண்டு. உங்கள் வரைவில் 22ஆம் பக்கம் பாருங்கள். கருவி காட்டும் அளவை வைத்து நீங்களாக மருந்தை மாற்றாதீர்கள், மருத்துவர் எழுதிக்கொடுத்தபடியே சாப்பிடுங்கள் என்பதோடு ஆங்கிலம் நின்றுவிடுகிறது. தமிழில் அதற்கு அடுத்து "தேவைப்பட்டால் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு அளவைச் சரிசெய்துகொள்ளலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. யாரும் எழுதாத வரி. அக்கறையாகத்தான் இருக்கிறது, படிக்கிறவருக்குத் தப்பாகவும் தோன்றாது. ஆனால் உங்கள் நிறுவனத்தின் பெயர் போட்ட கையேட்டில், தயாரிப்பாளர் சொல்லாத ஒரு மருத்துவ ஆலோசனை அச்சாகிறது. நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் அந்த வரிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

எண்ணி முடித்த அப்புறம் ஒப்பிடுவேன். இங்கே ஒரு சின்னப் பழக்கம் வைத்திருக்கிறேன். தமிழ்ப் பக்கத்தை மறைத்துவிட்டு ஆங்கில வரியை மட்டும் படிப்பேன். இதை நான் எப்படிச் சொல்வேன் என்று மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் தமிழைத் திறப்பேன். தலைகீழாகச் செய்தால் கதை முடிந்தது. சரளமான தமிழ் வரியை முதலில் படித்துவிட்டால் ஆங்கிலமும் அதையே சொல்வதுபோலத் தோன்ற ஆரம்பிக்கும். எனக்கு இந்தத் தொழிலில் 17 வருடம் ஆகிறது, இன்னும் அந்த மயக்கத்திலிருந்து தப்ப முடியவில்லை. மறைத்து வைப்பது ஒன்றுதான் வழி. ஒப்பிடும் வேலை மணிக்கு 500, 600 ஆங்கிலச் சொல்லுக்கு மேல் எனக்கு ஓடாது. உங்கள் கையேடு கிட்டத்தட்ட 6,000 சொல். நான்கு நாள் கணக்கில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது.

உங்கள் கையேட்டில் அதிக நேரம் எடுக்கப்போவது எட்டாம், ஒன்பதாம் பக்கங்கள், எப்படி உட்கார வேண்டும், பட்டையை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்பவை. காரணம் ஒரே ஒரு சொல். கை. ஆங்கிலத்தில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு சொல், அதற்குக் கீழே இன்னொரு சொல். நமக்கு இரண்டும் கைதான். வரைவில் அந்தப் பக்கத்தில் மட்டும் கை என்ற சொல் பதினாறு இடத்தில் வருகிறது. "கையை இதயத்தின் மட்டத்தில் வைத்திருக்கவும்" என்று ஒரு வரி. படித்தால் புரிந்த மாதிரிதான் இருக்கும். நான் இதை என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன், அவருக்கு 71 வயது, பிரஷர் உண்டு. உள்ளங்கையைத் தூக்கி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார், சத்தியம் செய்கிற மாதிரி.

மூலம் சொல்வது, பட்டை கட்டிய இடம் இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும் என்று. அதைவிடக் கீழே இறங்கினால் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், மேலே ஏறினால் குறைத்துக் காட்டும். அதனால் நான் இப்படி மாற்றினேன்: "முழங்கையையும் முன்கையையும் மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். பட்டை உங்கள் நெஞ்சின் உயரத்துக்கு வர வேண்டும். தாழ்வாக இருந்தால் கைக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள்." தலையணையை நான் சேர்க்கவில்லை, அது ஆங்கிலத்திலேயே அடுத்த வரியில் இருக்கிறது. அதை இங்கே கொண்டுவந்து சேர்த்தால் விஷயம் கண்முன் வந்துவிடுகிறது. இப்போது அம்மா சரியாக உட்கார்ந்தார்.

அதே பக்கத்தில் "கால்களைக் குறுக்கிடாமல் பாதங்களைத் தட்டையாக வைக்கவும்" என்று ஒரு வரி இருக்கிறது. பொருள் பிழை இல்லை. ஆனால் நம் ஊரில் யாராவது கால்களைக் குறுக்கிடுவார்களா? கால்மேல் கால் போடாமல், இரண்டு பாதமும் தரையில் பதிய உட்காருங்கள், அவ்வளவுதான். இந்த மாதிரி வரிகளைத் திருத்தாமல் விட்டாலும் யாருக்கும் ஆபத்து வராது. ஆனால் வரிக்கு வரி இப்படி வந்தால் படிக்கிறவர் மூன்றாம் பக்கத்தில் கையேட்டை மூடிவிட்டு, யூடியூபில் யாராவது கட்டிக் காட்டுகிறார்களா என்று தேடப் போய்விடுவார்.

பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும் என்ற வரியில் வரைவு தப்பு செய்யவில்லை. ஆனால் உங்கள் மூலத்தில் எழுத்தில் 1 முதல் 2 சென்டிமீட்டர் என்றும், பக்கத்துப் படத்தில் 2 முதல் 3 என்றும் இருக்கிறது. சாட்பாட் இரண்டையும் அப்படியே மொழிபெயர்த்துவிட்டுப் போய்விட்டது, அதன்மேல் தப்பில்லை. எது சரி என்று முடிவு செய்ய வேண்டியது நானும் இல்லை. தயாரிப்பாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள். இதுபோல இதுவரை ஏழு கேள்வி சேர்ந்திருக்கிறது, தனித் தாளில் அனுப்புகிறேன்.

அந்த ஏழில் ஒன்றை இங்கேயே கேட்டுவிடுகிறேன். குழந்தைகளுக்கும், "விருப்பத்தை வெளிப்படுத்த முடியாதவர்களுக்கும்" கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்று வரைவு சொல்கிறது. உங்கள் ஆங்கில மூலமே வேறொரு மொழியிலிருந்து வந்த மாதிரி தெரிகிறது, சொல்லுக்குச் சொல் பார்த்தால் வரைவு சரிதான். எனக்குப் புரிகிற வரை, பட்டை இறுகும்போது வலித்தால் வாய்விட்டுச் சொல்ல முடியாத நிலையில் இருப்பவர்களைத்தான் சொல்கிறார்கள். அப்படியானால் "வலித்தால் சொல்ல முடியாதவர்களுக்கு" என்று எழுத விரும்புகிறேன். ஆனால் இது என் ஊகம். உறுதி செய்யாமல் அச்சில் போட மாட்டேன்.

ஒப்பிட்டு முடிந்ததும் இன்னொரு முறை போவேன், இந்தத் தடவை எண்களையும் தடைகளையும் மட்டும் பார்க்க. வாக்கியத்தைப் படிக்கவே மாட்டேன். 5 நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும், இரண்டு முறை பார்த்தால் நடுவில் குறைந்தது 1 நிமிடம் விட வேண்டும், பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கு, இப்படி ஒவ்வொரு எண்ணையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். எண் மாறுவது அபூர்வம், எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற சொல்தான் மாறும். குறைந்தது, அதிகபட்சம், வரை, க்குள், மேல். "1 நிமிடத்துக்குள்" என்று வந்திருந்தால் 1 என்னவோ சரிதான், விஷயம் தலைகீழ். தடைகளும் அப்படியே. கூடாது என்பது தவிர்ப்பது நல்லது என்று இளகிவிடுவது சாட்பாட்டிடம் நான் அடிக்கடி பார்க்கிற பழக்கம். மரியாதையாக எழுதுவதாக நினைக்கிறது போலும். எச்சரிக்கைப் பகுதியில் அந்த மரியாதை வேண்டாம்.

பொத்தான் பெயர்களையும் இந்தச் சுற்றில்தான் பார்ப்பேன். உங்கள் கருவியில் START/STOP, MEM என்று இரண்டு பொத்தான், திரையில் SYS, DIA என்று வரும். வரைவில் "தொடங்கு/நிறுத்து பொத்தானை அழுத்தவும்", "நினைவகப் பொத்தானை அழுத்தவும்" என்று இருக்கிறது. கருவியில் அப்படி ஒரு பொத்தானே கிடையாது. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கூட எழுத்தின் வடிவத்தைப் பார்த்து, இதுவும் அதுவும் ஒன்று என்று கண்டுபிடித்துவிடுவார். தமிழாக்கிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுப்போகும். பெயரை அப்படியே விட்டு, முதல் முறை மட்டும் அது என்ன செய்யும் என்று தமிழில் சொல்வேன்.

மூன்றாவது நாள் ஆங்கிலத்தை மூடி வைத்துவிட்டுத் தமிழை மட்டும் வாய்விட்டுப் படிப்பேன். ஒற்றுப் பிழை, "மற்றும்", "உங்கள் உங்கள்" என்று வருவது, "செய்யப்பட வேண்டும்" வகையறா எல்லாம் காதில்தான் சிக்கும். இதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, யாருக்கும் தெரிந்ததுதான். அப்புறம் இன்னொரு மொழிபெயர்ப்பாளர் எச்சரிக்கைப் பகுதியை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். நான் திருத்திய வரியில் என் தப்பு எனக்கே தெரியாது. அவருக்கான தொகை மதிப்பீட்டிலேயே அடங்கியிருக்கிறது.

உண்மையைச் சொன்னால், எச்சரிக்கை வரும் இரண்டு பக்கத்துக்கும் நான் சாட்பாட் வரைவைத் தொடப்போவதில்லை. நேரடியாக எழுதிவிடுவேன். ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டுத் திருத்துவதைவிட எழுதுவது சீக்கிரம் முடியும். உத்தரவாத அட்டை, சுத்தம் செய்யும் முறை, பேட்டரி மாற்றுவது, இவற்றில் வரைவு நிஜமாகவே கைகொடுக்கிறது, அங்கே விலையைக் குறைத்துத்தான் போட்டிருக்கிறேன். எந்தப் பகுதி எப்படி என்று பக்க எண்ணோடு எழுதித் தருகிறேன்.

உங்கள் பங்குதாரர் இதற்கெல்லாம் முறை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், ஐஎஸ்ஓ 18587 என்று ஒரு சர்வதேசத் தரம் 2017இல் வந்திருக்கிறது, இயந்திர வரைவை மனிதர் திருத்துவதற்கென்றே. புரிந்தால் போதும் என்கிற மேலோட்டமான திருத்தத்தையும் முழுத் திருத்தத்தையும் அது வேறுபடுத்துகிறது. மனிதர் மொழிபெயர்த்ததற்கு ஈடாக இருக்க வேண்டும் என்பது முழுத் திருத்தம். நான் தந்த மதிப்பீடு அதற்குத்தான். உங்கள் அலுவலகத்துக்குள் மட்டும் சுற்றும் தாளாக இருந்தால் மேலோட்டமானதே போதும் என்று நானே சொல்லியிருப்பேன், அதற்கு ஒரு நாள்கூட ஆகாது.

நான்காவது நாள் அச்சகத்துக்கு. இதை மொழிபெயர்ப்பு வேலையில் சேர்க்க மாட்டார்கள், ஆனால் நான் விட மாட்டேன். பல அச்சகங்களில் இன்னும் பழைய தமிழ் எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. யூனிகோடில் நான் தருவதை அவர்கள் மாற்றிப் போடும்போது, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரியும். அதைவிட மோசம், அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். நாம் பார்த்துப் பார்த்து ஆங்கிலத்திலேயே விட்ட START/STOP அங்கே அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாக அச்சாகிவிடும். அதனால் புரூஃபை பிடிஎஃப்பாக எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எண்கள், பொத்தான் பெயர்கள், படத்துக்குள் இருக்கும் எழுத்து மூன்றையும் பார்த்துவிட்டு அன்றைக்கே திருப்பிவிடுவேன்.

ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும், மருத்துவ ரீதியாக மூலமே தப்பாக இருந்தால் எனக்குத் தெரியாது. மூலம் சொல்வதைத் தமிழ் சொல்கிறதா என்பதற்குத்தான் நான் பொறுப்பு. தமிழ்க் கையேட்டின் எச்சரிக்கைப் பக்கங்களை உங்களுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் பத்து நிமிடம் காட்டுங்கள்.

இந்தக் கையேடு ஏற்கெனவே ஆங்கிலத்தில் வெளியானது என்பதால்தான் சாட்பாட்டில் போடச் சம்மதித்தேன். போன மாதம் நீங்கள் கேட்ட அந்த வாடிக்கையாளர் புகார்க் கடிதங்களில் ஆட்களின் பெயர், நோய் விவரம் எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் போட மாட்டேன், உங்கள் அக்கா மகனையும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வேலையை ஆரம்பிக்க மூன்று விஷயம் வேண்டும். படங்கள் தனிக் கோப்பாக, அந்த ஏழு கேள்விக்குப் பதில், அப்புறம் கருவி ஒன்று. பெட்டி பிரித்ததாக இருந்தாலும் பரவாயில்லை. பட்டையை ஒருமுறை அம்மா கையில் கட்டிப் பார்க்காமல் ஒன்பதாம் பக்கத்தை என்னால் முடிக்க முடியாது. திங்கட்கிழமை கூரியரில் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமை முழுதாகத் தந்துவிடுவேன்.